திரையில் மட்டும் அறிந்தவரிடம் விருப்பத்தைத் தெரிவித்தல்

கோயம்புத்தூரில் தம் வீட்டு மாடியறையில் அமர்ந்து மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் உத்தியோகம் பார்க்கிற ஓர் இளைஞரும், நாகர்கோவிலில் தாய் தந்தையருடன் இருந்துகொண்டு அதே நிறுவனத்துக்கு நிரல் எழுதித் தருகிற ஒரு பெண்ணும், தினந்தோறும் காலையில் நடைபெறும் பதினைந்து நிமிஷக் கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தும், ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்த்தும் பல மாதங்களாகப் பழகி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. அவளுடைய குரலும், சங்கடமான கேள்விகளுக்கும் பதற்றமின்றி விடை சொல்லும் பாங்கும், பின்னாலுள்ள சுவரில் தொங்கும் நாட்காட்டியும்கூட அவருக்குப் பரிச்சயமாகி, நாளடைவில் அந்தப் பரிச்சயம் பிரியமாகக் கனிந்துவிடுகிறது. இதில் குற்றம் ஏதும் இல்லை. உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் விருப்பம் கொள்வதை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. அந்த விருப்பத்தை எப்படி, எந்த வழியில், எத்தனை தடவை தெரிவிக்கலாம் என்பதில்தான் உரிமையும் அபாயமும் ஒருங்கே இருக்கின்றன.

முதலில் அந்த இளைஞர், தமக்கு அவளைப் பற்றி உண்மையில் என்ன தெரியும் என்பதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். மடிக்கணினியில் காமிரா திரையின் மேல் விளிம்பில் இருப்பதால், ஒருவர் நம் படத்தை நேராகப் பார்க்கும்போது நமக்கு அவர் பார்வை தாழ்ந்ததாகவும், காமிராவைப் பார்த்துப் பேசும்போது கூட்டத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் அவர் தம்மையே பார்ப்பதாகவும் தோன்றும். ஆகையால் காணொளிக் கூட்டத்தில் கண்ணோட்டத்தைக் கொண்டு மனத்தை அறிந்துவிட்டதாக எண்ணுவது முழுப் பிரமை. 1956-ஆம் ஆண்டிலேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், தொலைக்காட்சியில் தோன்றுபவரைத் தமக்கு நெருங்கியவராகவே பாவிக்கும் ஒருதலையான உறவைப் பற்றி எழுதினார்கள். கணினிவழிப் பழக்கத்தில், கிடைக்கும் அடையாளங்கள் குறைவாக இருப்பதனாலேயே எஞ்சியதை நாம் நம் ஆசைக்கேற்ற நற்குணங்களால் நிரப்பிக்கொள்கிறோம் என்று 1996-இல் ஜோசப் வால்தர் விளக்கினார். பதினைந்து நிமிஷக் கூட்டத்தில் காண்பது ஒரு மனிதரின் உத்தியோக முகம் மட்டுமே. அந்தக் கூட்டத்துக்கு வராமலிருக்கவும் அவளால் முடியாது. வந்தபின் முகமலர்ச்சியோடு பேசாமலிருக்கவும் முடியாது. சம்பளத்தின் நிமித்தம் காட்டவேண்டியிருக்கும் இன்முகத்தைச் சம்மதத்தின் அறிகுறியாகக் கொள்வதுதான் இவ்விஷயத்தில் நேரும் தவறுகளுள் முதன்மையானது.

இனி, சட்டத்தின் நிலை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதற்குக் கூறும் விளக்கத்தில் வசிக்கும் இடத்தையும் வீட்டையும் சேர்த்திருக்கிறது. வெவ்வேறு மாநிலங்களில் பணியாற்றிய இருவர் சம்பந்தப்பட்ட ஒரு வங்கி வழக்கில், இணையத்தின் வழியே ஒருவரையொருவர் தொடர்புகொள்ளும் ஊழியர்களுக்கு அந்தத் தளமே பொதுவான பணியிடமாகக் கருதப்பட வேண்டும் என்று 2021-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கோயம்புத்தூருக்கும் நாகர்கோவிலுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்விதப் பாதுகாப்பும் ஆகாது. இதனினும் முக்கியமானது, 2025 ஜனவரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துரைத்த கொள்கை: செய்தவரின் உள்ளெண்ணத்தைக் காட்டிலும், அச்செயல் அந்தப் பெண்ணால் எவ்வாறு உணரப்பட்டது என்பதே பிரதானம். கெட்ட எண்ணம் எனக்கு இல்லை என்பது மனத்துக்கு ஆறுதலாகலாம். விசாரணையில் அது முழுமையான விடையாகாது.

ஆனால் பாலியல் தன்மையுடைய, விரும்பப்படாத நடத்தையைத்தான் அச்சட்டம் குறிப்பிடுகிறதேயன்றி, மரியாதையோடு ஒரு முறை கேட்டு, மறுப்பை ஏற்று விலகுவதை அது குற்றமாக்கவில்லை. சாதாரணமாகக் குற்றமாக மாறும் இடங்கள் வேறு: கேட்பவர் மேலதிகாரியாக இருப்பது, கேட்டதையே மறுபடி மறுபடி கேட்பது, உருவத்தையும் உடையையும் வர்ணிப்பது, மறுத்தபின் வேலையில் கைவைப்பது. அவளுடைய விடுப்பையோ சம்பள உயர்வையோ மதிப்பீட்டையோ தீர்மானிக்கும் ஸ்தானத்தில் நம் இளைஞர் இருப்பாரானால், கேட்காமலிருப்பதே முறை என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் அந்நிலையில் அவள் சொல்லும் சரி என்ற சொல்லையும் நம்புவதற்கில்லை. அவர் சமநிலையில் உள்ள சகஊழியர் என்றே கொண்டு மேலே செல்வோம். அப்போதும் நிறுவனத்தின் நடத்தை விதிகளை ஒரு முறை படித்துவிட வேண்டும். ஊழியர்களுக்கிடையே உறவு ஏற்பட்டால் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு.

எந்த வழியில் கேட்பது? குழுக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் விளையாட்டாகச் சூசகம் செய்வது அவளுக்கு அவமானமாக முடியலாம். கூட்டம் பதிவாகிக்கொண்டிருந்தால் அது அந்தப் பதிவிலும் நின்றுவிடும். வேலையைக் காரணம் காட்டி ஏற்பாடு செய்த தனிக் கூட்டத்தில் கேட்பதும் தகாது, எழுந்து போகும் சுதந்திரம் அங்கே அவளுக்கு இல்லை. அலுவலக வாட்ஸப் குழுவிலிருந்து அவள் எண்ணை எடுத்து இரவு பதினோரு மணிக்குச் செய்தி அனுப்புவதோ எல்லாவற்றிலும் கெடுதலானது. வேலைக்காகக் கொடுக்கப்பட்ட எண்ணை அந்தரங்கத்துக்குப் பயன்படுத்துவது, கேள்வி எவ்வளவு பண்பாக இருந்தாலும், அத்துமீறலாகவே உணரப்படும். சொந்தப் பேச்சுக்கென்று அவளே தன் எண்ணைக் கொடுத்திருந்தால் அதில் எழுதலாம். இல்லையேல், அலுவலகத்தின் தனி அரட்டையில் ஒரே ஒரு செய்தி எழுதுவது மேல். அங்கே எழுதுவதை நிர்வாகம் தேவைப்பட்டால் எடுத்துப் பார்க்க முடியும். பல இடங்களில், அனுப்பியவர் அழித்த பின்னும் பிரதி தங்கியிருக்கும். இதை ஓர் இடையூறாக நான் கருதவில்லை. இருவருக்கும் அது சாட்சியாக நிற்கும்.

நேரமும் கவனிக்கத் தக்கது. வெள்ளிக்கிழமை வேலை முடியும் வேளையில் அனுப்பினால், மறுநாள் காலையிலேயே காமிராவுக்கு முன்னால் வந்து உட்காரவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமல், யோசிக்க அவளுக்கு இரண்டு நாள் கிடைக்கும். வாசகம் இப்படி இருக்கலாம்: "வேலைக்கு வெளியேயும் உங்களோட பேசிப் பழகணும்னு எனக்கு விருப்பம் இருக்கு. உங்களுக்கு அப்படித் தோணலைன்னா இதுக்குப் பதிலே போட வேண்டாம். நான் மறுபடியும் கேட்க மாட்டேன். வேலையில எந்த வித்தியாசமும் வராது." இதில் அழகைப் பற்றிய பேச்சு இல்லை, இத்தனை நாள் கவனித்துவந்தேன் என்ற பிரஸ்தாபம் இல்லை, கூட்டத்தில் எடுத்துவைத்த படமும் இல்லை. கூட்டத்தில் அவள் முகத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்துச் சேமித்து வைப்பது, பாசத்தினால் செய்ததானாலும், அதை அறிய நேர்கிற பெண்ணுக்கு அச்சத்தையே தரும்.

பதில் வராவிட்டால் அதுவே பதில். இப்போது நேரமில்லை, பார்க்கலாம் என்பன போன்ற வார்த்தைகளும் நம் ஊரில் பெரும்பாலும் மறுப்பின் மிருதுவான வடிவங்களே. தினமும் முகம் பார்க்கவேண்டிய ஒருவரிடம் வெட்டிப் பேசுவது எளிதல்ல என்பதால் பெண்கள் அவற்றைக் கையாளுகிறார்கள். விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயலும் ஆணையும், அவளுடைய இணைய நடமாட்டத்தைக் கண்காணிக்கும் ஆணையும், பின்தொடர்தல் என்னும் குற்றத்துக்காகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு தண்டிக்கிறது. முதல் தடவைக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும், மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கப்படலாம்.

மறுப்புக்குப் பின் வரும் வாரங்களில்தான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். நம் இளைஞர் அவள் எழுதிய நிரலில் பிழை கண்டு, அதன் கடுமையைத் தரம் பிரித்துப் பதிவு செய்பவர். முன்பு சாதாரணப் பிழை என்று குறித்ததைப் போன்ற ஒன்றை இப்போது மிகக் கடுமையானது என்று குறித்தாலும், முன்பு அரைமணியில் விடையளித்த அவள் கேள்வியை இப்போது இரண்டு நாள் கிடப்பில் போட்டாலும், அது மனவருத்தத்தின் விளைவுதான் என்று அவர் எண்ணலாம். வேலையில் இடையூறு செய்தல், பகைமையான சூழ்நிலையை உண்டாக்குதல் என்று சட்டம் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். பழைய பதிவுகளோடு புதியவற்றை ஒப்பிட்டால் வித்தியாசம் தேதி வாரியாகத் தெரிந்துவிடும். அவள் பகுதியைச் சில காலம் வேறொருவர் சோதிக்கட்டும் என்று, காரணத்தில் அவள் பெயரை இழுக்காமல் கேட்டுக்கொள்வது விவேகம்.

விருப்பமில்லாத செய்தியைப் பெற்ற பெண் எவ்வகையிலும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் அல்லள். "நம்ம பேச்சு வேலையோட இருக்கட்டும், இதைப் பத்தி இனி எழுதாதீங்க" என்று ஒரு முறை எழுதிவிட்டால் போதும். பின்னால் நிரூபணத்துக்கு அந்த ஒரு வரி பெரிதும் உதவும். எழுதவில்லையென்பதால் அவள் உரிமை போய்விடாது. செய்திகளைத் தேதியும் நேரமும் தெரியும்படி பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தொல்லை தொடர்ந்தால், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கவேண்டிய உள்ளகப் புகார் குழுவிடம், அதாவது பலரும் விசாகா கமிட்டி என்று சொல்லும் குழுவிடம், கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தரலாம்; தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை அவகாசம் கொடுக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பத்துக்கும் குறைவானோர் உள்ள இடமாயினும், முதலாளியே குற்றம் சாட்டப்பட்டவராயினும், மாவட்டந்தோறும் அமைக்கப்படவேண்டிய உள்ளூர்க் குழுவை நாடலாம். விசாரணை தொண்ணூறு நாளில் முடிய வேண்டும். அது நடக்கும்போதே இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இடமாற்றத்தால் பயன் குறைவு, ஆகவே கூட்டங்களிலும் சோதனைப் பணியிலும் தொல்லை தந்தவரிடமிருந்து தம்மைப் பிரிக்கும்படி குறிப்பாகக் கேட்பது நலம்.

புகாரை மெய்ப்பிக்க முடியாமற்போனதற்காக மட்டும் அவளைத் தண்டிக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. வேண்டுமென்றே பொய்ப் புகார் தந்தது விசாரணையில் தெரிந்தாலன்றி நடவடிக்கை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் புகாரின் நகலைப் பெற்று விடையளிக்கும் உரிமை உண்டு. இரு தரப்பாரின் பெயரையும் வெளியிடுவதற்குத் தடை உண்டு. இச்சட்டத்தின்கீழ் புகார் தரக்கூடியவர் பெண் மட்டுமே என்பதால், தொல்லைக்குள்ளான ஆண், நிறுவனத்தின் நடத்தை விதிகளின்படி மனிதவளப் பிரிவை அணுக வேண்டியிருக்கும்.

ஒருகால் அவளும் விரும்பி, வேலைக்கு வெளியே பேசிப் பழகி, நேரில் சந்தித்து, இருவரும் மனமொத்துவிட்டார்களானால், விதி அவ்வாறிருக்குமிடத்து அதை மனிதவளப் பிரிவிடம் தெரிவித்துவிட்டு, அவள் எழுதும் நிரலை இனி வேறொருவர் சோதிக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.