மாலை ஏழு முதல் ஒன்பது வரை

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீடு வந்து, சமையலை முடித்தபின் அவருக்கு மிஞ்சுவது ஏழு மணி முதல் ஒன்பது வரை. மாதம் 22 நாள் என்றால் 44 மணி நேரம். டியூஷனா, கட்டுரை எழுதித் தருவதா, டேட்டா என்ட்ரியா? தொகை ஊருக்கு ஊர் மாறும். கையில் நிற்பதை எல்லா மணி நேரத்தாலும் வகுத்துப் பார்க்கும் கணக்கு மட்டும் எங்கும் ஒன்றுதான்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர், ஆளுக்கு 500 ரூபாய் என்றால் மாதம் 3,000. பாடம் தயாரிக்க, நோட்டுத் திருத்த இன்னும் ஏழு மணி நேரம் சேர்த்தால் மணிக்கு 60 ரூபாய்கூட வராது. ஆனாலும் பிள்ளைகள் ஓய்வாக இருப்பதும் இதே மாலை நேரம்தான் என்பது பெரிய வசதி. ஒரு விதிவிலக்கு உண்டு: பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது.

கட்டுரைக்குச் சொல்லுக்கு 50 பைசா தருவதாக வைத்துக்கொண்டால், ஆயிரம் சொல்லுக்கு 500 ரூபாய். தகவல் தேட, எழுத, கேட்ட திருத்தங்களைச் செய்ய ஐந்து மணி நேரம் ஆனால் மணிக்கு 100. பார்க்க இதுதான் அதிகம். ஆனால் மாதம் முழுக்க வேலை வந்தால்தான் இந்தக் கணக்கு. மூன்று கட்டுரைதான் கிடைத்தது என்றால் மாத வரவு 1,500-தான். தவிர, நாள் முழுக்கக் கடையில் நின்றவருக்கு இரவு எட்டரைக்குப் புதிதாக எழுத ஓடாது. எழுதியதைத் திருத்தத்தான் தெம்பு இருக்கும்.

டேட்டா என்ட்ரி களைத்த மூளைக்கு எளிது. படிவத்துக்கு 2 ரூபாய், மணிக்கு 20 படிவம் என்றால் மணிக்கு 40 ரூபாய், மாதம் 1,760.

‘வீட்டிலிருந்தே மாதம் 25,000’ என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டாலே சந்தேகம் வர வேண்டும். மோசடி நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கிறது. முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அல்லது ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு மங்கலான ஸ்கேன் பக்கங்கள், சில நாள் கெடு, 98 சதவீதம் பிழையின்மை என்ற நிபந்தனை. பிழையை எண்ணுவதும் அவர்களே என்பதால் யாரும் தேறுவதில்லை. கடைசியில் ‘ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள்’ என்று வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். பயந்து ஒருமுறை கட்டியவரிடம் மறுபடியும் கேட்பார்கள். வேலை தருபவர் கூலி கொடுப்பாரே தவிர, பணம் கேட்கமாட்டார். சிக்கியவர்கள் மேற்கொண்டு பணம் கட்டாமல், வந்த செய்திகளை அழிக்காமல், 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ உடனே புகார் தர வேண்டும்.

ஆகவே அந்தப் பெண்ணுக்குப் பொருத்தம், வார நாட்களில் டியூஷன், ஞாயிறு காலையில் ஒரு கட்டுரை. மே மாதம் பிள்ளைகள் வரமாட்டார்கள், டியூஷன் வரவும் நின்றுவிடும். கட்டுரைப் பணமோ பல இடங்களில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் வரும். அதனால் மே மாதச் செலவுக்கான கட்டுரைகளை மார்ச்சிலேயே அனுப்பிவிட வேண்டும்.