அடிக்கு அடி ஒரே உராய்வு, அறைக்கு அறை வேறு காற்று

ஒரே அளவில் இரண்டு வகுப்பறைகள் உள்ள ஒரு பயிற்சி மையத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பொதுவாக ஐந்து டன் ஏசி இயந்திரம் ஒன்று. ஒவ்வோர் அறைக்கும் நிமிடத்துக்கு 1000 கன அடி காற்று, அதாவது தொழிலில் சொல்வதுபோல் 1000 சி.எஃப்.எம்., போய்ச் சேர வேண்டும். இயந்திரத்தை ஒட்டிய அறையில் மாணவர்கள் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி அறையிலோ நோட்டை விசிறியாக்கி வீசிக்கொள்கிறார்கள். இயந்திரத்தில் பழுதில்லை, டக்ட்டில் ஓட்டையும் இல்லை. அப்படியானால் காற்று ஏன் சமமாகப் போகவில்லை?

டக்ட்டின் அளவைத் தீர்மானிக்கப் பெரும்பாலோர் கையாள்வது சம உராய்வு முறை. காற்று டக்ட்டுக்குள் ஓடும்போது சுவரில் உரசி அழுத்தத்தை இழக்கிறது. நூறு அடி நீளத்துக்கு இவ்வளவுதான் இழக்கலாம் என்று முதலிலேயே ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். வழக்கமாக அது 0.1 அங்குல நீர்மட்டம், அதாவது இரண்டரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். பிறகு டக்டுலேட்டர் என்ற சுழல் அட்டையில் காற்றின் அளவைப் பொருத்தினால் டக்ட்டின் விட்டம் கிடைத்துவிடும். 2000 சி.எஃப்.எம். போகும் தாய் டக்ட்டுக்கு 18 அங்குலம். அது பிரிந்து ஆயிரம் ஆயிரமாகப் போகும் கிளைகளுக்கு 14 அங்குலம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அருகறைக்கும் தூரத்து அறைக்கும் ஒரே 14 அங்குலம்தான் வருகிறது, ஏனென்றால் இந்த முறை காற்றின் அளவை மட்டுமே பார்க்கிறது. கிளையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. சமமாக இருப்பது அடிக்கு அடி இழப்பு. வழி நெடுக ஆகும் மொத்த இழப்பு அல்ல.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். வளைவுகளையும் இணைப்புகளையும் நேர் டக்ட்டின் நீளமாக மாற்றிச் சேர்த்தால், அருகறைக் கிளை 50 அடி, தூரத்துக் கிளை 220 அடி என்று வைத்துக்கொள்வோம். உராய்வு முறையே 0.05, 0.22 அங்குலம். அறைக்குள் காற்றைப் பரப்பும் டிஃப்யூசரில் இன்னொரு 0.05. ஆக, ஆயிரம் சி.எஃப்.எம். போக அருகறைக்கு 0.10 அங்குல அழுத்தம் போதும். தூரத்து அறைக்கு 0.27 வேண்டும். ஆனால் பிரியும் இடத்தில் இரண்டு கிளைக்கும் இருப்பது ஒரே அழுத்தம்தான். அதனால் தடை குறைந்த பக்கம் காற்று பாய்கிறது: அருகறைக்குச் சுமார் 1240, தூரத்து அறைக்கு 760.

விசிறியின் வேகத்தைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். தூரத்து அறைக்கு ஆயிரம் கிடைக்கும்வரை கூட்டினால் அருகறையில் 1630 கொட்டும். விசிறிக்கான மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், இரு மடங்குக்கும் மேல் செலவாகும்.

சரியான வழி, அருகறைக் கிளையில் மீதமிருக்கும் 0.17 அங்குல அழுத்தத்தை அங்கேயே செலவழிக்க வைப்பது. கிளையைச் சிறிதாக்கியே முழுவதையும் தீர்க்க வேண்டுமானால் விட்டம் பத்தரை அங்குலத்துக்கும் கீழே வந்துவிடும். காற்றின் வேகம் நிமிடத்துக்கு 930 அடியிலிருந்து 1700 அடிக்கு எகிறும். வகுப்பில் ஆசிரியர் பேசுவது இரைச்சலில் கேட்காது. அதனால் நல்ல வடிவமைப்பாளர் 12 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வார். மீதமான 0.11 அங்குலம் அளவை டேம்பர் என்ற மடல் பார்த்துக்கொள்ளும். டேம்பரைக் கிளை பிரியும் இடத்துக்கு அருகிலேயே வைக்க வேண்டும். டிஃப்யூசரின் வாயிலேயே காற்றை நெரித்தால் உஸ்ஸென்ற சத்தம் நேராக அறைக்குள் வரும்.

ஏற்கெனவே 14 அங்குலம் போட்டு முடித்த கட்டடத்தில் முழு வேலையும் டேம்பருக்குத்தான். முதலில் எல்லா டேம்பர்களையும் முழுக்கத் திறந்துவிட்டு, டிஃப்யூசரின் மேல் ஃப்ளோ ஹூட் என்ற துணிக் கூடாரத்தைக் கவிழ்த்துக் காற்றை அளக்கிறார்கள். நமது கணக்கில் அருகறை வேண்டியதில் 124 சதவீதம், தூரத்து அறை 76 சதவீதம். மிகக் குறைவாக வரும் கிளையின் டேம்பரைத் தொடவே கூடாது. அது முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். அருகறை டேம்பரைக் கொஞ்சம் மூடி இரண்டையும் மறுபடி அளக்கிறார்கள், ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் மாறும். இரண்டும் ஒரே சதவீதத்துக்கு வரும்வரை இது தொடரும்.

மூடியதால் மொத்தத் தடை கூடி, இரண்டும் 95 சதவீதத்தில் வந்து நிற்கலாம். அப்போதுதான் விசிறியின் வேகத்தை ஐந்து சதவீதம் போலக் கூட்டுவார்கள். அதற்கு மின்சாரம் சுமார் 17 சதவீதம் அதிகமாகும். கடைசியில் டேம்பர் கைப்பிடியைத் திருகிப் பூட்டி, அது நிற்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். பின்னால் யாராவது கூரைக்கு மேல் ஏறி அதைத் தட்டிவிட்டாலும், பழைய இடம் எது என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.