பத்தியைக் கண்டறியும் வினாக்களில் தலைச்சொல்லின் பங்கு

குறிப்பிட்ட ஒரு செய்தி எந்தப் பத்தியில் உள்ளது எனக் கேட்பது படித்துணர்தல் தேர்வு வினாக்களுள் ஒரு வகையாகும். 1989 முதல் நடத்தப்பட்டுவரும் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வில் இவ்வகை இடம்பெறுகிறது. தலைப்புப் பொருத்தும் வினா பத்தியின் மையக் கருத்தை நாடுகிறது. இவ்வினாவோ பத்தியின் ஒரே தொடரில் அடங்கிவிடக்கூடிய செய்தியை நாடுகிறது. வினாக்கள் பனுவலின் வரிசையில் அமைவதில்லை. ஒரு பத்தியே இரு வினாக்களுக்கு விடையாகலாம். எவ்வினாவிற்கும் விடையாகாமலும் போகலாம்.

இத்தகைய வினா பெரும்பாலும் ஒரு பெயர்த்தொடராகும். அதன் தலைச்சொல் செய்தியின் வகையையும் (காரணம், எடுத்துக்காட்டு, ஒப்பீடு), அடைகள் அதன் பொருளையும் குறிக்கின்றன. படிப்போர் அடைகளை மட்டும் தேடும்போதே பிழை நேர்கிறது.

1802இல் சென்னைக்கு அருகில் லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணி குறித்து மூன்று பத்திகள் இருப்பதாகக் கொள்வோம். முதற்பத்தி, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் குன்றுகளின் உச்சிக்கு ஏற்றியதை விவரிக்கிறது. இரண்டாம் பத்தி, தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையாலும் மரங்கள் பார்வையை மறைத்தமையாலும் கோயில்களின் உச்சியை நாட நேர்ந்தது என்கிறது. மூன்றாம் பத்தி, 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றுகையில் கருவி சேதமுற்றதைக் கூறுகிறது.

‘கருவியைக் கட்டடத்தின் மேல் ஏற்ற நேர்ந்ததன் காரணம்’ என்பது வினா. கருவியும் ஏற்றுதலும் முதற்பத்தியிலும் மூன்றாம் பத்தியிலும் வெளிப்படையாக உள்ளன. கட்டடமும் மூன்றாம் பத்தியில் உண்டு. ஆயினும் அங்கிருப்பவை விவரணையும் நிகழ்ச்சியுமே. காரணம் இரண்டாம் பத்தியில் மட்டுமே உள்ளது. அதிலும் ‘காரணம்’ என்னும் சொல் இல்லை. ‘இல்லாமையால்’, ‘மறைத்தமையால்’ என்பவற்றின் ‘ஆல்’ உருபே அப்பொருளைத் தருகிறது. வினாவில் சொல்லாக நிற்பது பனுவலில் உருபாக நிற்கிறது. இவ்வாறே ஒப்பீடு ‘விட’, ‘போல’ என்பவற்றாலும், எடுத்துக்காட்டு வெறும் இடப்பெயராலும் வெளிப்படலாம்.

இவ்வினாக்களைத் தமிழாக்குவோர் இரண்டினைக் கருத வேண்டும். ஆங்கிலத்தில் தலைச்சொல் தொடரின் முன்பகுதியில் வரும். தமிழில் இறுதியில் வரும். எனவே தமிழ் வினாவைப் படிப்பவர் பொருளை முதலிலும் வகையைக் கடைசியிலும் பெறுகிறார். அடைகள் நீண்டால் தலைச்சொல் கவனத்தினின்று நழுவும்; ஆகவே அடைகளைச் சுருக்கி அமைத்தல் நன்று. அடுத்து, பனுவலை மொழிபெயர்க்கையில் ‘ஆல்’ உருபு போதுமான இடத்தில் ‘காரணமாக’ என எழுதினால் வினாவும் விடையும் ஒரே சொல்லால் இணைந்துவிடும். அப்போது வினா படித்துணரும் திறனை அளக்காது. சொல்லைக் கண்டுபிடிக்கும் திறனையே அளக்கும்.

தலைச்சொல் மட்டும் எப்போதும் போதுமானதன்று. இரு பத்திகளில் காரணங்கள் கூறப்பட்டிருப்பின் அடைகளே விடையை முடிவுசெய்யும். வகையால் பத்திகளைக் குறைத்துக்கொண்டு, பின்னர்ப் பொருளால் ஒன்றைத் தேர்வதே இவ்வினாவிற்கு ஏற்ற முறையாகும்.