நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொள்ளும் நிரூபணம்

கணிதத் தொகுத்தறிதல் முறையில் ஒரு கூற்றை எல்லா இயல் எண்களுக்கும் நிறுவ இரண்டு வேலைகளைச் செய்தால் போதும். கூற்றை P(n) என்று குறித்தால், முதலில் P(1) உண்மை என்று காட்ட வேண்டும். அடுத்து, ஏதேனும் ஒரு k என்ற எண்ணுக்கு P(k) உண்மையானால் P(k+1) என்பதும் உண்மையாகியே தீரும் என்று காட்ட வேண்டும். முதல் வேலை பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுவது இரண்டாவதில்தான். கணக்கு சரியாக இருக்கும், கடைசி வரியும் எதிர்பார்த்ததாகவே இருக்கும், ஆனால் மதிப்பெண் கிடைத்திருக்காது. எதை நிறுவச் சொன்னார்களோ அதையே நடுவில் எங்கோ ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டதுதான் அங்கே நடந்த பிழை.

‘P(k) உண்மை எனக் கொள்க’ என்று எழுதுவதே நிறுவ வேண்டியதை எடுத்துக்கொள்வது அல்லவா என்று இதைப் புதிதாகக் கற்பவர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. மழை பெய்தால் முற்றம் நனையும் என்று சொல்பவர் மழை பெய்கிறது என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள தொடர்பை மட்டுமே சொல்கிறார். இரண்டாம் வேலையும் அப்படிப்பட்டதுதான். k என்பது ஏதோ ஓர் எண். அந்த ஓர் எண்ணுக்குக் கூற்று பொருந்தினால் அடுத்த எண்ணுக்கும் பொருந்துமா என்பது மட்டுமே கேள்வி. k+1 பற்றி அந்தக் கட்டத்தில் எதுவும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது.

முறையின் பெயரும் குழப்பத்துக்கு ஓரளவு காரணம். அறிவியலில் தொகுத்தறிதல் என்றால் பல நிகழ்வுகளைப் பார்த்து ஒரு பொது விதியை ஊகிப்பது. கணிதத்தில் ஊகத்துக்கு இடமில்லை. 1838 இல் பென்னி சைக்ளோபீடியா என்ற ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் இந்த முறையை விளக்கி, அதற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரையும் எழுதியவர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் 1806 இல் மதுரையில் பிறந்தவர் என்பது போகிற போக்கில் சொல்லத்தக்க செய்தி.

பிழையின் மிக எளிய வடிவத்தை ஒரு பொய்க் கூற்றை வைத்தே பார்க்கலாம். 1 + 2 + 3 + … + n = n² என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். n = 1 எனில் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 1; பொருந்துகிறது. பிறகு விடைத்தாளில் இப்படி எழுதப்படுகிறது:

P(k) உண்மை எனக் கொள்க: 1 + 2 + … + k = k²
k க்குப் பதிலாக k+1 எனப் பிரதியிட: 1 + 2 + … + (k+1) = (k+1)²
ஆகவே P(k+1) உண்மை.

மூன்று வரியில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் 1 + 2 என்பது 3, 2² என்பதோ 4. கூற்று இரண்டாவது எண்ணிலேயே உடைகிறது. குற்றம் ‘பிரதியிட’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. ஒரு சமன்பாடு எல்லா எண்களுக்கும் உண்மை என்று தெரிந்தால்தான் அதில் விரும்பிய எண்ணைப் போட முடியும். இங்கே கையில் இருப்பது ஒரே ஒரு k க்கான அனுமதி. அதில் k+1 ஐப் போடுவது, கூற்று எல்லா எண்களுக்கும் உண்மை என்று ஏற்கெனவே முடிவுகட்டியதற்குச் சமம். தருக்க நூல்கள் இந்த வகைக் குற்றத்தை ஆன்மாச்சிரயம் என்கின்றன. தமிழில் தன்னைப் பற்றுதல். ஒரு பொருளை நிலைநிறுத்த அந்தப் பொருளையே பற்றிக்கொள்வது.

அதே பொய்க் கூற்றை நேர்மையான வழியில் நடத்திப் பார்த்தால் அது தானே அகப்பட்டுக்கொள்ளும். k வரையிலான கூட்டுத்தொகை k² என்று வைத்துக்கொண்டு அடுத்த உறுப்பான k+1 ஐக் கூட்டினால் கிடைப்பது k² + k + 1. வேண்டியதோ (k+1)², அதாவது k² + 2k + 1. இரண்டுக்கும் k அளவு வித்தியாசம். கூற்று விழுந்தது. சரியான சூத்திரமான n(n+1)/2 ஐ எடுத்துக்கொண்டால், k(k+1)/2 உடன் k+1 ஐக் கூட்டும்போது (k+1)(k+2)/2 என்றே வருகிறது. k இலிருந்து k+1 க்குப் போகும்போது என்ன சேர்கிறது என்ற கேள்விதான் மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்டியது. பிரதியிட்ட விடையில் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

இவ்வளவு வெளிப்படையான பிழையைச் செய்பவர்கள் குறைவு. அதிகம் காணப்படுவது இன்னொரு வடிவம்; அது நல்ல மாணவர்களையும் பிடிக்கிறது. மேற்சொன்ன சரியான சூத்திரத்துக்கே அது இப்படி எழுதப்படும்:

1 + 2 + … + k + (k+1) = (k+1)(k+2)/2
k(k+1)/2 + (k+1) = (k+1)(k+2)/2
k(k+1) + 2(k+1) = (k+1)(k+2)
(k+1)(k+2) = (k+1)(k+2)
இரு பக்கமும் சமம். ஆகவே நிறுவப்பட்டது.

இதில் முதல் வரியே P(k+1). அதாவது நிறுவ வேண்டிய முடிவிலிருந்து தொடங்கி, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஓர் உண்மையில் போய் முடிந்திருக்கிறது. பயணம் தலைகீழாக நடந்துவிட்டது. ஒரு கூற்றிலிருந்து உண்மையான ஒன்று கிடைப்பதால் அந்தக் கூற்று உண்மையாகிவிடாது. பொய்யிலிருந்தும் உண்மையை வரவழைக்கலாம்.

அதற்கு ஒரு சிறிய சான்று போதும். முதல் எண் 1. ஒவ்வோர் எண்ணும் முந்தையதை -1 ஆல் பெருக்கிக் கிடைப்பது. வரிசை 1, -1, 1, -1 என்று போகும். இந்த வரிசையின் எல்லா எண்களும் 1 தான் என்று ஒருவர் ‘நிறுவுகிறார்’. முதல் எண் 1, சரி. k ஆம் எண் 1 எனக் கொள்வோம். k+1 ஆம் எண் 1 ஆக இருக்க வேண்டும்; அதாவது -1 = 1. இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 1 = 1. உண்மை, நிறுவப்பட்டது! வர்க்கப்படுத்தும் படியில் முன்னே போகலாம், திரும்பி வர முடியாது. முடிவிலிருந்து தொடங்கியவருக்கு வேண்டியதோ திரும்பி வரும் வழி.

அப்படியானால் n(n+1)/2 கணக்கு தவறா? அதில் இரண்டால் பெருக்கியதும் பொதுக் காரணியை எடுத்ததும் திரும்பி வரக்கூடிய படிகள். கீழிருந்து மேலாக வாசித்தால் அது குற்றமற்ற நிரூபணம். அதனால் சில ஆசிரியர்கள் இதை எழுத்துக் குறையாக மட்டும் பார்த்து மதிப்பெண் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை. கண்டிப்பானவர்கள் பக்கமே நியாயம் கூடுதலாக இருக்கிறது. படிகள் திரும்பி வரும் என்று விடைத்தாள் எங்கும் சொல்லவில்லை, திருத்துபவர் அதைத் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, சமக்குறி ஒவ்வொன்றாக அதை மாற்றிக்கொண்டே போய் மறுபக்கத்தை அடைந்தால் இந்தத் தகராறே எழாது.

சமனிலிகளில் இது எழுத்துக் குறையாக நின்றுவிடுவதில்லை. n ≥ 5 எனில் 2ⁿ > n² என்று நிறுவ வேண்டும். n = 5 க்கு 32 > 25. அடுத்த கட்டம் பெரும்பாலும் இப்படி வருகிறது: 2·2ᵏ > (k+1)², 2ᵏ > k² என்பதால் 2k² > (k+1)², ஆகவே k² > 2k + 1, இது உண்மை. இங்கே முதல் வரியிலிருந்து இரண்டாவது வரவே வராது. 2·2ᵏ என்ற எண் (k+1)² ஐ விடப் பெரியது, 2k² ஐ விடவும் பெரியது. இதிலிருந்து அந்த இரண்டில் எது பெரியது என்று எப்படிச் சொல்வது? அண்ணன் இரண்டு தம்பிகளையும் விட உயரம் என்பதால் தம்பிகளுக்குள் யார் உயரம் என்று தெரிந்துவிடாது.

ஆனாலும் அதே வரிகள் கீழிருந்து மேலாக எழுதப்பட்டால் நிற்கின்றன. k ஐந்து அல்லது அதற்கு மேல் என்பதால் k² ≥ 5k = 2k + 3k > 2k + 1. இரு பக்கமும் k² ஐக் கூட்டினால் 2k² > k² + 2k + 1 = (k+1)². எடுகோளின்படி 2ᵏ > k² என்பதால் 2·2ᵏ > 2k². இரண்டையும் சேர்த்தால் 2ᵏ⁺¹ > (k+1)². மாணவர் கண்டுபிடித்ததெல்லாம் சரிதான். தேடிய திசையிலேயே எழுதி வைத்துவிட்டார். முடிவிலிருந்து பின்னோக்கித் தேடுவதில் தவறேதும் இல்லை, கணிதர்களும் அப்படித்தான் தேடுகிறார்கள். அந்தத் தேடல் துண்டுத்தாளில் இருக்க வேண்டியது.

வகுபடும் தன்மைக் கணக்குகளில் பிழை ஒரு புதிய எழுத்தின் பின்னால் மறைந்துகொள்ளும். 7ⁿ - 1 ஆறால் வகுபடும் என்று காட்ட, 7ᵏ - 1 = 6m எனக் கொண்டபின், ‘7ᵏ⁺¹ - 1 = 6p என்க’ என்று ஒரு வரி எழுதப்படுகிறது. p ஒரு முழு எண் என்று வைத்துக்கொண்ட அந்த நொடியே முடிவை எடுத்துக்கொண்டாயிற்று. p ஐ உருவாக்கிக் காட்ட வேண்டும்: 7ᵏ⁺¹ - 1 = 7(7ᵏ - 1) + 6 = 42m + 6 = 6(7m + 1). இப்போது p என்பது 7m + 1. அது எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது.

எழுதி முடித்தவர் தன் விடையைச் சோதிக்க வழி உண்டு. P(k) ஐப் பயன்படுத்திய இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பார்க்கலாம். ‘எடுகோளின்படி’ என்ற சொல் எந்தச் சமக்குறிக்கு அருகில் வர வேண்டும் என்று தெரியாவிட்டால் சந்தேகப்படலாம். அதைவிடக் கடுமையான சோதனை, கூற்றை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்துப் பார்ப்பது. n(n+1)/2 இருந்த இடத்தில் n² ஐ வைத்தாலும் அதே வரிகள் தடையின்றி ஓடினால் அந்த வரிகள் எதையும் நிறுவவில்லை.

முதல் சோதனைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. n² + n இரட்டை எண் என்று நிறுவும்போது, k+1 க்கான கோவை (k+1)(k+2) என்று காரணிப்படும். அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று இரட்டை என்பதால் பெருக்கற்பலனும் இரட்டை. எடுகோள் எங்கும் பயன்படவில்லை, ஆனாலும் நிரூபணத்தில் பிழையில்லை. அதே காரணம் n க்கு நேராகவே பொருந்துகிறது, அதற்குத் தொகுத்தறிதல் தேவைப்படவே இல்லை.