நூறு ரூபாயில் மிச்சம் இரண்டேகால்

1973-74-ல் இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தவர், அந்த இரண்டு லட்சத்தைத் தாண்டிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 97 ரூபாய் 75 காசு வருமான வரியாகக் கட்ட வேண்டும். அடிப்படை வரி 85 சதவீதம், அந்த வரியின் மேல் 15 சதவீதம் சர்சார்ஜ். கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். செல்வ வரி தனி. இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு வருமானத்தைவிட வரி அதிகமாகிவிடும்.

இப்படிப் பிழிந்தால் கஜானா நிரம்பும் என்றுதான் தோன்றும். அந்த வரம்பைத் தாண்டிச் சம்பாதிக்கும் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சிகிச்சை. ரசீது போட்டால் அரசுக்கு 977 ரூபாய் 50 காசு, அவருக்கு 22 ரூபாய் 50 காசு. “ரசீது வேண்டாம், எழுநூறு கொடுங்கள், போதும்” என்கிறார். நோயாளிக்கு முந்நூறு லாபம், மருத்துவருக்கு எழுநூறு முழுசாகக் கையில், அரசுக்குப் பூஜ்யம். அதே எழுநூறை நேர்வழியில் மிச்சம் பிடிக்க அவர் முப்பத்தோராயிரம் ரூபாய்க்கு மேல் கணக்கில் காட்டிச் சம்பாதிக்க வேண்டும். பொய் சொல்லப் பயப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் “மார்ச் வரைக்கும் இனி கேஸ் எடுப்பதில்லை” என்று வீட்டில் இருந்துவிடுவார்கள், இல்லையென்றால் வருமானத்தை மனைவி, மகன் பெயர்களில் பிரித்துவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அரசு கை வைக்க வேண்டிய தொகை கரைந்துபோகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளுக்கு 10,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கக்கூடிய நூறு பேர். மொத்தம் பத்து லட்சம். வரி 30 சதவீதமாக இருந்தால் 90 பேர் உழைத்து, கணக்கும் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது லட்சத்தில் 30 சதவீதம், அதாவது 2,70,000 ரூபாய் வரி. விகிதத்தை 50 ஆக்கினால் 70 பேர்தான் காட்டுகிறார்கள். ஆனாலும் வரவு 3,50,000 ஆகிறது. ஆட்கள் குறைந்தும் வசூல் கூடியிருக்கிறது. இன்னும் ஏற்றி 70 ஆக்கினால் 45 பேர், 3,15,000. இங்கே திரும்பிவிட்டது. 97.75-க்குப் போனால் எட்டுப் பேர், 78,200 ரூபாய். எத்தனை பேர் காட்டுவார்கள் என்பது நான் வைத்துக்கொண்ட எண். ஆனால் கடைசியில் அது செங்குத்தாக விழும் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

அரசு பார்ப்பது வரி விகிதத்தை. சம்பாதிப்பவர் பார்ப்பது மிச்சத்தை. 30-லிருந்து 40-க்கு வரி ஏறினால் மிச்சம் 70 ரூபாயிலிருந்து 60 ஆகிறது. ஏழில் ஒரு பங்கு போயிற்று, முணுமுணுத்துக்கொண்டு கட்டிவிடுவார். 90-லிருந்து 97.75-க்கு ஏறினால்? அரசின் பங்கு பத்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. ஆனால் அவர் கையில் நின்ற பத்து ரூபாய் இரண்டேகாலாகச் சுருங்கிவிட்டது. உச்சியில் ஒவ்வொரு சதவீதமும் அரசுக்குச் சில்லறை, கட்டுபவருக்கோ மிச்சமிருந்ததில் பெரும்பங்கு.

முன்னாள் தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையிலான குழு 1971 இறுதியில் தந்த அறிக்கை, வரி ஏய்ப்புக்கு முதல் காரணமே இந்த விகிதம்தான் என்று சொல்லி, 75-க்கு இறக்கச் சொன்னது. 1974-ல் அது 77 ஆயிற்று. 1976 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம் 66 ஆக்கினார். 1985-ல் வி.பி. சிங் 50, 1997-ல் ப. சிதம்பரம் 30. நாளடைவில் வருமான வரி வசூல் பல மடங்கு பெருகியது உண்மை. ஆனால் அதில் விலைவாசி ஏற்றத்துக்கும், பொருளாதார வளர்ச்சிக்கும், மூலத்திலேயே வரி பிடிப்பது பரவியதற்கும் பங்குண்டு. மொத்தப் புகழையும் வரிக்குறைப்பின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இந்தக் கருத்தை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபர். 1974-ல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் துடைக்கும் துணியில் வளைகோடு வரைந்து காட்டினார் என்று கதை சொல்வார்கள். கோட்டின் உச்சி எந்தச் சதவீதத்தில் இருக்கிறது என்பதில்தான் தகராறு. ஏய்க்க வழியில்லாத மாதச் சம்பளக்காரருக்கு அது மேலே இருக்கும், ரசீது இல்லாமல் ஓடும் தொழிலுக்குக் கீழே இருக்கும். உச்சிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வரியைக் குறைத்தால் வரவும் குறையத்தான் செய்யும். நம் கணக்கில் 50-லிருந்து 30-க்கு இறங்கினால் 80,000 ரூபாய் நஷ்டம். கான்சாஸ் மாநிலத்தில் இது நிஜமாகவே நடந்தது. 2012-ல் அங்கே வருமான வரியைப் பெரிய அளவில் வெட்டினார்கள், வளர்ச்சி வந்து ஈடுகட்டும் என்று. வரவு சரிந்தது. 2017-ல் ஆளுநரின் மறுப்பையும் மீறி சட்டமன்றம் வரியைத் திரும்ப ஏற்றியது.