காதுகுத்துக்குப் பணம் எங்கிருந்து?

மண்டப வாடகை 40,000 ரூபாய் என்றால் கணக்கில் 40,000 என்றே எழுதிவிடுகிறோம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 7,200 ரூபாய். மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனி பில் வரும். சமையல்காரரிடம் 300 இலை சொல்லி 350 பேர் வந்தால், இலைக்கு 200 ரூபாய் வீதம் இன்னொரு 10,000. தாய்மாமன் சீருக்குப் பதில் மரியாதையாக எடுக்கும் துணிமணியைப் பலரும் எழுதுவதே இல்லை. எல்லாவற்றையும் எழுதி, மொத்தத்தோடு பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால்தான் உண்மைச் செலவு தெரியும்.

ஒரு லட்சம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 7 சதவீத வட்டியில் டெபாசிட் இருந்தால் அதை உடைக்க வேண்டாம். அதன்மேலேயே சுமார் 8 சதவீதத்தில் கடன் தருவார்கள். ஓராண்டுக்கு நிகர இழப்பு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்தான்.

டெபாசிட் இல்லையென்றால் நகையை விற்பதைவிட அடகு வைப்பது மேல். விற்ற நகையைத் திரும்ப வாங்க, விலை ஏறாவிட்டாலும், செய்கூலி சேதாரம் 12 சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம் என்று 15,000 கூடுதலாகும். அடகுக்கு 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 10,000. ஆனால் ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். தனிநபர் கடன் 14 சதவீதத்தில் மூன்றாண்டு என்றால் வட்டியே 23,000 தாண்டும்.

மொய்யை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம்.