நாள் கடந்த மறுமொழி

குளுவாங்கைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த நம் முன்னோர், தமிழ்நாட்டில் இருந்த தாய் தந்தையருக்குக் கடிதம் எழுதினால் மறுமொழி வர வாரக்கணக்கில் ஆகும். ‘ராஜுலா’ போன்ற கப்பல்கள் பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் இடையே பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற காலம் அது. கடிதம் தாமதமானால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. தாமதம் கடலுக்கும் கப்பலுக்கும் உரியது. “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கி நேரே செய்திக்கு வந்துவிடலாம்.

இன்று நிலைமை வேறு. 2014ஆம் ஆண்டு நவம்பரில் புலனத்தில் நீல நிறக் குறிகள் அறிமுகமாயின. நாம் செய்தியைப் படித்துவிட்டோம் என்பதை அனுப்பியவர் அப்போதிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறார். கப்பல் மேல் பழி போட வழியில்லை. நான்கு நாள் கழித்து எழுதுகிறவர், அந்த நான்கு நாளைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும். எவ்வளவு சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குளுவாங்கில் நான்காம் படிவம் பயிலும் ஒரு மாணவிக்கு, ரெங்கத்தில் இருக்கும் அத்தை செவ்வாய்க்கிழமை இரவு இப்படிச் செய்தி அனுப்புகிறார்:

“கண்ணு, தீபாவளிக்கு உனக்கு ரவிக்கை தைக்கலாம்னு இருக்கேன். துணி வாங்கியாச்சு. போன வருஷ அளவு போதுமா? சொல்லும்மா.”

மாணவி அன்றிரவே அதைப் படித்துவிட்டாள். ஆனால் மறுநாள் அவள் தாயாரைக் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்த்தார்கள். தந்தைக்கு இரவு வேலை. தம்பிக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவது அவள் பொறுப்பாயிற்று. சனிக்கிழமை காலைதான் கைப்பேசியைக் கையில் எடுத்து நிதானமாக உட்கார்ந்தாள். முதலில் அவள் எழுதியது இது:

“அத்தை, ரொம்ப ரொம்ப மன்னிக்கவும். செவ்வாய்க்கிழமையே பார்த்துட்டேன். மறுநாளே அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அப்பாவுக்கு ராத்திரி வேலை. தம்பிய நான்தான் பார்த்துக்கிட்டேன். வியாழக்கிழமை கணக்குப் பரீட்சை வேற இருந்துச்சு. நேத்து எழுதலாம்னு நினைச்சேன், அசந்து தூங்கிட்டேன். உண்மையிலேயே நேரமே இல்ல அத்தை. தயவுசெஞ்சு தப்பா நினைக்காதீங்க.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. அன்பும் இருக்கிறது. ஆனாலும் இதைப் படிக்கும் அத்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் உடனே, “ஐயோ, அம்மாவுக்கு என்ன ஆச்சு? ஏம்மா எனக்குச் சொல்லல?” என்று பதறுவார். பிறகு, “பரவாயில்லம்மா, நீ என்ன செய்வ பாவம்” என்று மருமகளைத் தேற்றுவார். காத்திருந்தவர் அவர், தேற்ற வேண்டியவரும் அவரே ஆகிவிட்டார். இவ்வளவுக்கும் பிறகு, “அளவு என்னம்மா?” என்று அவர் மறுபடியும் கேட்க வேண்டும். ஏனென்றால் ஒன்பது வாக்கியங்களில் அளவு மட்டும் இல்லை.

விளக்கம் மிகுந்துவிட்டதா என்பதைக் கண்டறிய இது நல்ல அடையாளம். வரும் மறுமொழி முழுவதும் நம் துன்பத்தைப் பற்றியே இருந்து, முதலில் கேட்ட கேள்வி இரண்டாம் முறையும் கேட்கப்பட்டால், நாம் எழுதியது வருத்தம் தெரிவிக்கும் செய்தியாக இல்லாமல் வாக்குமூலமாகிவிட்டது என்று பொருள்.

அந்த மாணவி அதை அனுப்பாமல் அழித்துவிட்டு, இப்படி எழுதினாள்:

“அத்தை, நாலு நாளா உங்களைக் காக்க வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. அம்மாவுக்கு உடம்பு முடியாம இருந்துச்சு, இப்ப தேறி வீட்டுக்கு வந்துட்டாங்க. போன வருஷ அளவே போதும், கையை மட்டும் ஒரு இஞ்சு கூட்டி வைங்க. துணி என்ன நிறம் அத்தை? அம்மாவும் கேக்கறாங்க.”

முதல் வாக்கியத்தில் உள்ள ‘காக்க வெச்சுட்டேன்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். தமிழில் ஒரு தவற்றைச் செய்தவரை மறைத்தும் சொல்லலாம், காட்டியும் சொல்லலாம். “தாமதமாகிவிட்டது” என்றால் தாமதம் தானாகவே வந்து சேர்ந்ததுபோல் இருக்கிறது. அங்கே ‘நான்’ இல்லை. “தாமதம் ஏற்பட்டுவிட்டது” என்பது இன்னும் விலகி நிற்கிறது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பு நின்றபோது காட்டப்படும் அறிவிப்பை நினைவூட்டுகிறது. “காக்க வைத்துவிட்டேன்” என்பதிலோ செய்தவரும் இருக்கிறார், காத்திருந்தவரும் இருக்கிறார். அத்தையின் நான்கு நாளை அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் அதற்குப் பின் நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது, ‘கோவிச்சுக்காதீங்க’. எழுத்துத் தமிழில் இதைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்போம். நெருங்கிய உறவினரிடம் ‘மன்னிக்கவும்’ என்று எழுதினால், அது சில வீடுகளில் அந்நியமாக ஒலிக்கும். “என்னம்மா, என்கிட்டப் போய் மன்னிப்பெல்லாம் கேக்கற?” என்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லும்போது, கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு என்பதும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. ‘தப்பா நினைக்காதீங்க’ என்பது அவ்வாறன்று. என்னைப் பற்றிய உங்கள் எண்ணம் கெடக்கூடாது என்னும் கவலைதான் அதில் முன்னால் நிற்கிறது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் எனக்கு முன்னதே பிடிக்கும்.

காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அந்த வாக்கியத்திலேயே ‘இப்ப தேறி வீட்டுக்கு வந்துட்டாங்க’ என்றும் இருப்பதால் அத்தை பதற வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்லி அதன் முடிவைச் சொல்லாமல் விட்டால், படிப்பவர் மனத்தில் கவலை தொங்கிக்கொண்டே இருக்கும். தந்தையின் இரவு வேலை, கணக்குத் தேர்வு, அசந்து தூங்கியது ஆகியவை நீங்கிவிட்டன. காரணங்கள் கூடக்கூட ஒவ்வொன்றின் எடையும் குறைகிறது. தாயாரின் நோய் ஒன்றே போதுமானதாக இருந்தது. அதனோடு தேர்வையும் தூக்கத்தையும் சேர்த்தவுடன் சாக்குப்போக்கு என்னும் ஐயம் எழ இடம் கிடைத்துவிடுகிறது.

வருத்தம் தெரிவிப்பதில் எந்தப் பகுதிக்கு வலிமை மிகுதி என்பதை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். வருந்துதல், காரணம் கூறல், பொறுப்பேற்றல், இனிச் செய்யமாட்டேன் எனல், சரிசெய்ய முன்வருதல், மன்னிக்கும்படி வேண்டுதல் என ஆறு பகுதிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரு சோதனைகளில் 755 பேர் அவற்றை மதிப்பிட்டனர். பொறுப்பேற்றலே முதலிடம் பெற்றது. அடுத்தது சரிசெய்ய முன்வருதல். காரணம் கூறல் இடையில் நின்றது. மன்னிக்கும்படி வேண்டுதல் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. நம்மில் பலர் ‘மன்னிக்கவும்’ என்பதையே மூன்று முறை எழுதிவிட்டு, மற்றவற்றை மறந்துவிடுகிறோம்! ஆனால் அந்தச் சோதனை, வேலைக்கு மனுச் செய்யும் ஒருவர் முன்பு செய்த தவற்றைப் பற்றியது. அத்தையும் மருமகளும் பேசிக்கொள்வதற்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் ‘கையை மட்டும் ஒரு இஞ்சு கூட்டி வைங்க’ என்பது சரிசெய்தலே. கேட்டது கிடைத்துவிட்டது, அத்தை துணியை வெட்டத் தொடங்கலாம்.

கடைசியாக வந்த நிறம் பற்றிய கேள்வி பார்வைக்குச் சிறியதுதான். ஆனால் செய்தியின் கனிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கடமைக்காக எழுதவில்லை, தீபாவளி ரவிக்கையில் தனக்கும் ஆசை உண்டு என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

காரணத்தைச் சுருக்கக் கூடாத இடமும் உண்டு. நம் தாமதத்தால் ஒருவருக்கு இழப்பு நேர்ந்திருந்தால், என்ன நடந்தது என்பதை அறிய அவருக்கு உரிமை இருக்கிறது. அத்தை சனிக்கிழமைக்குள் தையல்காரரிடம் துணியைக் கொடுக்க வேண்டியிருந்து, நம்மால் அந்த நாள் தவறியிருந்தால், ஒரு வரி போதாது. அழைத்துப் பேசுவதே முறை. இரங்கல் செய்திக்கோ இதற்கு நேர்மாறான நிலை. நண்பரின் தாத்தா மறைந்த செய்தியை ஒரு வாரம் கழித்துப் பார்த்தவர், தம் வேலைப்பளுவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் இருப்பதே நல்லது. “இப்போதுதான் அறிந்தேன்” என்பது போதும். மீதி வரிகள் தாத்தாவுக்கு உரியவை.

அலுவல் மின்னஞ்சலில் அளவு இன்னும் குறையும். அங்கே ‘கோவிச்சுக்காதீங்க’ பொருந்தாது; “தாமதமாக மறுமொழி அனுப்புவதற்கு வருந்துகிறேன்” என்று எழுதிவிட்டு உடனே செய்திக்கு வர வேண்டும். ஜொகூரில் 2014ஆம் ஆண்டு தொடங்கி 2024ஆம் ஆண்டு முடியும்வரை வெள்ளியும் சனியும் வார விடுமுறை நாள்கள். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். ஆகவே கோலாலம்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை காலை குளுவாங் அலுவலகம் ஒன்றுக்கு வந்த கடிதம் ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கப்படும். அதற்கு அன்றே எழுதிய மறுமொழியைக் கோலாலம்பூரில் திங்கட்கிழமைதான் படிப்பார்கள். மூன்று நாள் கடந்தும் இருவரில் எவரும் தாமதிக்கவில்லை. இத்தகைய இடைவெளிக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டிய தேவையே இல்லை.

குடும்பப் பொறுப்பு இன்னும் முடியவில்லை என்றால், முழு மறுமொழிக்குக் காத்திராமல் ஒரு வரி அனுப்பலாம். புதன்கிழமையே அந்த மாணவி, “பார்த்தேன் அத்தை, சனிக்கிழமை அளவு சொல்றேன்” என்று மருத்துவமனையிலிருந்தே எழுதியிருக்க முடியும். அதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் நாளைக் குறிப்பிட்டால் அந்த நாளில் எழுதியாக வேண்டும். சனிக்கிழமையும் கடந்துவிட்டால், அத்தை இரண்டு முறை காக்க வைக்கப்பட்டவர் ஆகிவிடுவார். நாள் உறுதியாகத் தெரியாதபோது, “அம்மாவோட ஆஸ்பத்திரியில இருக்கேன் அத்தை, வீட்டுக்குப் போனதும் சொல்றேன்” என்று எழுதுவது நல்லது.